விலை உயர்வு அறிவிப்பில் ‘உறுதியான ஆர்டர்’ எது?

காகித விலை ஏறியதும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்கள், “ஜனவரி 1 முதல் விலை மாறுகிறது, ஏற்கெனவே கொடுத்த ஆர்டர்களுக்குப் பழைய விலையே” என்று வாசலில் ஒட்டுகின்றன. எண்ணம் நல்லதுதான். ஆனால் ‘கொடுத்த ஆர்டர்’ எது என்பதில்தான் தகராறு வருகிறது. தை முகூர்த்தத்துக்காக மார்கழியில் விலை மட்டும் கேட்டுப் போனவர், மாடல் எடுத்து வைக்கச் சொன்னவர், அட்வான்ஸ் கட்டியவர் என எல்லோருமே தங்களை அதில் சேர்த்துக்கொள்வார்கள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சொன்ன விலைக்கு வாடிக்கையாளர் முழுமையாகச் சம்மதித்துவிட்டால் அது ஒப்பந்தம். பிறகு ஒரு தரப்பு மட்டும் விலையை மாற்ற முடியாது. அட்வான்ஸ் வாங்கியிருந்தால்தான் ஒப்பந்தம் என்றும் இல்லை. வாட்ஸப்பில் வந்த “சரி, அடிச்சிடுங்க” என்ற பதிலும் சம்மதம்தான். எனவே அறிவிப்பு அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எவ்வளவு ஏற்றுவது? சென்னையின் காகிதச் சந்தையான ஆண்டர்சன் தெருவில் வாங்கும் அட்டையும் கவரும் 15 சதவீதம் ஏறினால், பத்திரிகை விலையையும் 15 சதவீதம் ஏற்றிவிடுகிறார்கள். 20 ரூபாய் பத்திரிகையில் அட்டைக்கும் கவருக்கும் 10 ரூபாய் என்றால், கூடியது ஒன்றரை ரூபாய்தான். புது விலை 21.50. அதற்கு மேல் வைத்துவிட்டு சப்ளையரைக் காரணம் காட்டுவது சரியல்ல.

அறிவிக்கும் முன் கையிலுள்ள ஆர்டர்களை எண்ணுங்கள். பத்து ஆர்டர், தலா 500 என்றால் 5,000 பத்திரிகை. பழைய விலையைக் காப்பாற்ற 7,500 ரூபாய் கைவிட்டுப் போகும். பழைய விலைக்கு வாங்கிய அட்டை கையிருப்பில் இருந்தால், அதை முதலில் இந்த ஆர்டர்களுக்கு ஒதுக்குங்கள்.

அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

“வணக்கம். எங்களுக்கு அட்டையும் கவரும் தரும் மொத்த வியாபாரி 15 சதவீதம் விலை கூட்டியிருக்கிறார். அதனால் ஜனவரி 1 முதல் ரூ.20 பத்திரிகை ரூ.21.50, ஜிஎஸ்டி தனி. டிசம்பர் 31 இரவு 8 மணிக்குள் மாடல், எண்ணிக்கை, விலை மூன்றுக்கும் சம்மதம் சொன்னவர்களுக்கு, அட்வான்ஸ் கட்டாவிட்டாலும், டெலிவரி பிறகு இருந்தாலும், பழைய விலைதான். பிறகு கூடுதலாகக் கேட்கும் பிரதிகளுக்குப் புது விலை.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 500 சொன்னவர் சொந்தக்காரர் பட்டியல் நீண்டதும் இன்னும் 100 கேட்பார். அந்த நூறுக்கு மட்டும் புது விலை. முதல் ஐந்நூறைத் தொடக்கூடாது.

இவ்வளவு செய்தும் பில் போடும்போது தவறு நடக்கும். ஜனவரி தேதியில் பில் போடுபவர் கையிலிருக்கும் புது விலைப் பட்டியலையே பார்த்துப் போட்டுவிடுவார். அதனால் பழைய ஆர்டர் ஒவ்வொன்றின் சீட்டிலும் ஒப்புக்கொண்ட விலையைச் சிவப்பு மையில் எழுதி, பில் மேஜைக்கு ஆர்டர் அந்தச் சீட்டோடுதான் வரவேண்டும் என்று வையுங்கள்.