சிங்கப்பூரில் ஓ.டி.: எட்டு மணி நேரத்தை நாள்வாரியாக எண்ணுங்கள்

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி, முதலாளி கேட்டு ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு, அடிப்படை மணிக்கூலியில் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். வாரம் 44 மணியைத் தாண்டினாலும் அப்படியே. உடலுழைப்பு வேலை என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரையும், மற்ற வேலைக்கு 2,600 வெள்ளி வரையும் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். வொர்க் பெர்மிட்டில் கட்டுமானத் தளத்தில் நிற்பவர்களும் இதில் வருவார்கள்.

முதலில் மணிக்கூலி. மாத அடிப்படைச் சம்பளத்தை 12 ஆல் பெருக்கி, 52 × 44 ஆல் வகுக்க வேண்டும். அலவன்ஸைச் சேர்க்கக் கூடாது. 800 வெள்ளி வாங்குபவருக்கு மணிக்கு சுமார் 4.20 வெள்ளி. ஓ.டி. என்றால் சுமார் 6.29.

அடுத்தது மணிக்கணக்கு. தகராறு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு மணி, சனிக்கிழமை நான்கு மணி என்று ஒப்பந்தம் உள்ள ஒருவர், சாப்பாட்டு நேரம் போக இப்படி வேலை செய்ததாக வைத்துக்கொள்வோம்: திங்கள் 10, செவ்வாய் 8, புதன் 6 (மழை என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள்), வியாழன் 11, வெள்ளி 8, சனி 4. மொத்தம் 47. வாரக் கணக்கை மட்டும் பார்க்கும் சூப்பர்வைசர் 44ஐக் கழித்து, "மூணு மணி ஓ.டி." என்று எழுதிவிடுவார். அது தவறு. திங்கள் 2, வியாழன் 3, ஆக 5 மணி. புதன் குறைந்த இரண்டு மணியை வியாழன் உழைப்பிலிருந்து கழிக்க முடியாது. மூன்று மணிக்கு சுமார் 18.88 வெள்ளி, ஐந்து மணிக்கு 31.47. ஒரே வாரத்தில் 12 வெள்ளிக்கு மேல் விட்டுப்போகும்.

ஃபோனில் உள்ள எக்செலில் B2 முதல் B7 வரை ஒவ்வொரு நாள் மணியையும் போடுங்கள். C2 இல் இதை எழுதி C7 வரை இழுத்தால் போதும்:

```
=MAX(0,B2-8)
```

அப்புறம், தினசரி ஓ.டி.யைக் கழித்த மீதி 44ஐத் தாண்டினால், அந்தக் கூடுதலும் ஓ.டி.தான். ஒரே மணியை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இந்த வரி பார்த்துக்கொள்ளும்:

```
=MAX(0,SUM(B2:B7)-SUM(C2:C7)-44)
```

மேலே சொன்ன வாரத்தில் மீதி 42 மணிதான். அதனால் இதில் பூஜ்யம் வரும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வாரம் ஐந்து நாள் மட்டும் வேலை என்றோ, சில நாள் எட்டு மணிக்குக் குறைவு என்றோ ஒப்பந்தத்தில் இருந்தால், மற்ற நாட்களின் வரம்பை ஒன்பது மணி வரை வைக்கலாம். அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் 8க்குப் பதில் 9 போட வேண்டும். கையெழுத்திட்ட தாளை ஒரு தடவை எடுத்துப் படித்துவிடுங்கள்.

சம்பளச் சீட்டில் ஓ.டி. மணியும் தொகையும் தனித்தனியாக இருக்க வேண்டும். உங்கள் தினசரிக் குறிப்போடு அது ஒத்துப்போகவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் கேளுங்கள். வேலையை விட்டபின் புகார் கொடுப்பதாக இருந்தால், கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.