எடிற்றர் என்றால் தொகுப்பாசிரியரா, பதிப்பாசிரியரா?

கம்பஸ் ஒப்படைகளின் கடைசிப் பக்கத்தில், உசாத்துணை நூல்கள் என்ற தலைப்பின் கீழ், இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "சாமிநாதையர், உ. வே. (தொகுப்பாசிரியர்), குறுந்தொகை, 1937." பார்த்தால் பிழை இருப்பதாகவே தெரியாது. ஆனால் குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றுதான் பழங்குறிப்பு சொல்கிறது, சாமிநாதையர் அதைப் பதிப்பித்தவர். இருவருக்கும் இடையே எத்தனையோ நூற்றாண்டு. இந்தக் குழப்பத்துக்கு மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை, எடிற்றர் என்ற ஒரே சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லால் நிரப்பப் போனதுதான் காரணம்.

எடிற்றர் லத்தீன் வழி வந்த சொல். அதன் வினையடிக்கு 'வெளியே கொடுத்தல்' என்பது பொருள், அதாவது ஒரு நூலை உலகுக்கு வெளியிட்டவர். பிறகு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை கூடிக்கொண்டே போனது. பத்திரிகை நடத்துபவரும் எடிற்றர், படத்தை வெட்டி ஒட்டுபவரும் எடிற்றர், பத்துப் பேரின் கட்டுரைகளை ஒரு புத்தகமாகச் சேர்ப்பவரும் எடிற்றர், ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தீர்மானிப்பவரும் எடிற்றர். தமிழ் இவர்களைப் பிரித்தே வைத்திருக்கிறது. முதலாமவர் ஆசிரியர், இரண்டாமவர் படத்தொகுப்பாளர், மூன்றாமவர் தொகுப்பாசிரியர், நான்காமவர் பதிப்பாசிரியர். மாநாட்டுக் கட்டுரைத் தொகுதிக்குத் தொகுப்பாசிரியர் என்று எழுதிப் பழகிய கை, சங்க இலக்கியத்துக்கு வரும்போதும் அதையே எழுதிவிடுகிறது.

பதிப்பு என்ற சொல்லை எடுத்தால் அடி 'பதி'. கால் சுவடு பதிகிறது, மோதிரத்தில் கல் பதிக்கிறோம். ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி அங்கேயே நிற்பதுதான் அடிப்படைப் பொருள், அச்சு வந்தபோது எழுத்தைத் தாளில் அழுத்துவதற்கு இந்தச் சொல் தானாகவே பொருந்திக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்பைப் பார்த்தால் இரண்டு வினைகள் அருகருகே நிற்கும்: இன்னார் 'பரிசோதித்து', இன்ன அச்சுக்கூடத்தில் 'பதிப்பிக்கப்பட்டது'. ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்தியது பரிசோதித்தல், அச்சிட்டது பதிப்பித்தல். எனக்குக் கேட்டால் பரிசோதித்தல்தான் இந்த வேலைக்குத் துல்லியமான பெயர், ஆனால் அது இரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டது, திரும்பி வரப்போவதில்லை. பதிப்பித்தல் இரண்டு வேலையையும் சேர்த்துச் சுமந்துகொண்டது. நூலாசிரியர், உரையாசிரியர் என்ற பழைய வார்ப்பிலேயே பதிப்பாசிரியர் என்ற சொல்லும் அமைந்தது. அச்சிட்டு விற்பவரைக் குறிக்க வேண்டுமானால் வெளியீட்டாளர் அல்லது பதிப்பகம் என்று எழுதினால் குழப்பம் இல்லை.

சரி, ஒரு பாட்டை வைத்துப் பார்ப்போம். 'சுடர்த்தொடீஇ கேளாய்' என்று தொடங்கும் கலித்தொகைப் பாட்டு. தெருவில் மணல்வீடு கட்டி விளையாடியபோது அதைக் காலால் சிதைத்து, பூமாலையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய அந்தச் சிறு பட்டி, பிறகு ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தான் என்று தலைவி தோழிக்குச் சொல்லும் பாட்டு. இதை ஒப்படையில் எடுத்தாள்கிறீர்கள் என்றால் நான்கு பேர் உங்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். பாடியவர் கபிலர், ஏனென்றால் குறிஞ்சிக்கலி அவருடையது என்பது மரபு. ஐந்து புலவர் பாடியதையும் ஒன்றாகத் தொகுத்தவர் நல்லந்துவனார், நெய்தற்கலியைப் பாடியவரும் அவரே என்பார்கள். உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் சென்னையில். எட்டுத்தொகையில் முதலில் அச்சேறிய நூல் அதுதான் என்பதை நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும், ஆனால் சொல்லிவிட்டு உசாத்துணையில் அவரைத் தொகுப்பாசிரியர் ஆக்கிவிடக் கூடாது. அவர் அந்த நூலுக்கு 'நல்லந்துவனார் கலித்தொகை' என்று பெயரிட்டிருப்பதால், அட்டையைப் பார்த்து நல்லந்துவனாரை நூலாசிரியர் இடத்தில் போடுபவர்களும் உண்டு. இன்னொரு நுணுக்கம், பழங்குறிப்புகளில் தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்த அரசன் உக்கிரப்பெருவழுதி. 'தொகு' என்ற அடி சங்க நூல்களில் ஏற்கெனவே ஆள் நிரம்பிய இருக்கை, அங்கே புதிதாக ஒருவரை உட்கார வைக்க இடமில்லை.

கட்டுரைக்குள் எழுதும்போது இவ்வளவும் வேண்டியதில்லை. (கலி. 51: 1–4) என்றால் முடிந்தது, ஐம்பத்தோராம் பாட்டு, முதல் நான்கு அடி. பக்க எண் கொடுத்தால் வாசிப்பவரிடமும் அதே பதிப்பு இருந்தாக வேண்டும், பாட்டெண் கொடுத்தால் அவரிடம் இருக்கும் எந்தப் பதிப்பிலும் தேடிக்கொள்வார். எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பித்து 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பில் பாடல்கள் நூல் வரிசையில் இல்லை, புலவர் வரிசையில் இருக்கின்றன. அதன் பக்க எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வேறு புத்தகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பாட்டெண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. கலித்தொகையில் கடவுள் வாழ்த்தே முதல் எண், பாலைக்கலி 2இல் தொடங்கி 36இல் முடிகிறது, குறிஞ்சிக்கலி 37இல் தொடங்குகிறது. ஆகவே 'கலி. 51'உம் 'குறிஞ்சிக்கலி 15'உம் ஒரே பாட்டுத்தான். குறுந்தொகையில் அப்படியில்லை, அங்கே கடவுள் வாழ்த்து எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தே கிடைக்கவில்லை என்பதால் நம்மிடம் இருக்கும் முதல் பாட்டின் எண் 11, அதை 'இரண்டாம் பத்து 1' என்றும் எழுதலாம். எதை வேண்டுமானாலும் பின்பற்றுங்கள், ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். அடி எண்ணையும் உங்கள் கையில் இருக்கும் பதிப்பைப் பார்த்தே எண்ண வேண்டும். கலியிலும் பரிபாடலிலும் தனிச்சொல்லைத் தனி வரியாக அச்சிட்டால் அதற்குப் பிறகு வரும் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும்.

அகநானூற்றில் மட்டும் எண் தவறா என்று புத்தகத்தைத் திறக்காமலே ஓரளவு பிடித்துவிடலாம். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2இலும் 8இலும் முடிவது குறிஞ்சி, 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், 10, 20 என்று வருவது நெய்தல். அப்படித்தான் அந்த நூலை அடுக்கியிருக்கிறார்கள். ஈழத்துப் பூதன்தேவனார் பெயரில் அகத்தில் வரும் பாடல்கள் 88, 231, 307. நம்மூர்க் கட்டுரைகளில் அடிக்கடி வரும் எண்கள் இவை. 88 குறிஞ்சியாக இருக்க வேண்டும், மற்ற இரண்டும் பாலையாக இருக்க வேண்டும், இருக்கின்றன. யாராவது 'அகம். 243, நெய்தல்' என்று எழுதியிருந்தால் எண்ணோ திணையோ ஒன்று பிழை, போய்ப் பார்த்தே ஆக வேண்டும். வேறு கட்டுரையிலிருந்து மேற்கோளைத் தூக்கும்போதுதான் இந்தப் பிழை அதிகம் வரும், யாரோ ஒருவர் இலக்கம் மாற்றித் தட்டச்சு செய்தது அப்படியே போட்டோக்கொப்பி போலப் பரவும்.

இனி உசாத்துணைப் பட்டியல். தொகை நூலுக்குத் தனி ஆசிரியர் இல்லை என்பதால் நூற்பெயரை முதலில் போட்டு அகரவரிசையில் வைப்பது நல்லது. இப்படி: கலித்தொகை. நச்சினார்க்கினியர் உரையுடன். பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னை, 1887. உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் ஒருவரே என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும்: குறுந்தொகை. உரையாசிரியர், பதிப்பாசிரியர் உ. வே. சாமிநாதையர். சென்னை, 1937. 'பதி.' என்ற சுருக்கத்தை நான் தவிர்ப்பேன், அது பதிப்பா, பதிப்பாசிரியரா, பதிப்பகமா என்று யாருக்கும் தெரியாது.

உரையாசிரியர் பெயர் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். கலித்தொகையையே பாருங்கள், அதே நச்சினார்க்கினியர் உரையை இ. வை. அனந்தராமையரும் 1925 முதல் 1931 வரை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார். 'நச்சினார்க்கினியர் உரை' என்று மட்டும் எழுதினால் எந்தப் பாடத்தைப் படித்தீர்கள் என்பது வாசகருக்குத் தெரியாது. உரையிலிருந்து ஒரு விளக்கத்தை எடுத்தால் (கலி. 51, நச்சினார்க்கினியர் உரை) என்று எழுதலாம், பாட்டெண்ணே வழிகாட்டிவிடும். ஆனால் பதிப்பாசிரியரின் முகவுரையிலிருந்து எடுத்தால் அங்கே பாட்டெண் உதவாது, பக்க எண் கட்டாயம், சான்றும் தாமோதரம்பிள்ளையின் பெயரில்தான் போக வேண்டும்.

கடைசியாக ஆண்டு. தமிழில் 'மூன்றாம் பதிப்பு' என்று அச்சிட்டிருந்தால் அது திருத்திய பதிப்பாகவும் இருக்கலாம், பழைய எழுத்துருவை அப்படியே மூன்றாம் முறை அச்சிட்டதாகவும் இருக்கலாம். பதிப்பு என்ற சொல் இரண்டுக்கும் ஓடுகிறது, மறுபதிப்பு, மறு அச்சு என்று பிரித்து எழுதுவோர் குறைவு. தமிழ்ச் சங்க நூலகத்தில் நீங்கள் எடுக்கும் பிரதி பெரும்பாலும் மறுபதிப்பாகத்தான் இருக்கும். அதன் ஆண்டை மட்டும் போட்டால் சாமிநாதையர் 1942இல் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு குறுந்தொகையைப் பதிப்பித்ததாக ஆகிவிடும், முதற்பதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால் நீங்கள் தொட்டே இராத புத்தகத்தைத் தொட்டதாக ஆகிவிடும். 1937 என்று முதலில் எழுதி, மறுபதிப்பு என்று சொல்லி, கையில் இருக்கும் பிரதியின் ஆண்டையும் அந்த வெளியீட்டாளரின் பெயரையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். மின்நூலாகப் படித்தவர்கள் முகப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் தேடிப் பாருங்கள், ஸ்கேன் செய்தவர் அந்த இரண்டு பக்கத்தை விட்டிருந்தால் வேறு பிரதி தேடுவதைத் தவிர வழியில்லை.