ஐந்து நிமிடப் பேச்சு, நான்கே ஸ்லைடு

ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பதினான்கு ஸ்லைடோடு வருகிறவர்களிடம், முதலில் ஸ்லைடை மூடிவைத்துவிட்டுப் பேசிக்காட்டச் சொல்வேன். படம் இல்லாமல் விளங்காத இடங்களை மட்டும் குறித்துக்கொள்வேன். பெரும்பாலும் மூன்று, நான்கு இடம்தான் தேறும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர், சித்தூரில் ஒரு கூட்டத்தில் போர்வெல் பற்றிப் பேச வேண்டியிருந்தது. கேரளம் என்றாலே மழை என்பார்கள். எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் அது குறைவு. அவர் கொண்டுவந்ததில் நீர்மட்ட அட்டவணை, அதற்கடியில் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம். "ஏனுங்க, எல்லாமே முக்கியந்தானுங்களே, இதுல எதை எடுக்கறது?" என்றார்.

விளக்கத்தைத்தான் நீக்கினோம். திரையில் எழுத்து இருந்தால் கூட்டம் அதைப் படிக்கும். படிக்கும்போது பேச்சு காதில் ஏறாது. இரண்டு மொழி என்றால் பாதித் திரை ஒவ்வொருவருக்கும் வீண்.

அட்டவணைக்குப் பதிலாக ஒரே படம் போட்டோம். அவருடைய போர்வெல் 600 அடி, தோப்பில் தென்னை சுமார் 60 அடி. 16:9 ஸ்லைடின் உயரம் 19 சென்டிமீட்டர். 40 அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் மரம் ஒன்றரை, குழாய் பதினைந்து. மேலே மண் கோடு, அதன்மேல் குட்டியாகத் தென்னை, கீழே அடிவரை இறங்கும் ஒரு நீலக் கோடு. எண் "600 அடி" மட்டும். மரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அழகாக இருக்கும் என்று கை துறுதுறுக்கும். அளவை மாற்றினால் படம் பொய் சொல்லிவிடும்.

முதல் ஸ்லைடு வறண்ட பழைய கிணற்றின் புகைப்படம். காலையில் எடுத்ததில் உள்ளே முழுக்க நிழல். ஜன்னல் திறந்த ஹாலில் புரொஜெக்டர் போட்டால் இருட்டான படம் வெளிறிப்போய் ஒன்றுமே தெரியாது. வெயில் நேராக உள்ளே விழும் உச்சிவேளையில் மறுபடி எடுக்கச் சொன்னேன். வெடித்த சேறு பளிச்சென்று வந்தது. மூன்றாவது, மழைநீரைக் கிணற்றுக்கு விடும் மணல், ஜல்லி வடிகட்டித் தொட்டி. நான்காவது, அந்தத் தொட்டி வைக்க ஏற்ற வயல் மூலை.

கிணற்றுக்கு 40 விநாடி, போர்வெல் படத்துக்கு இரண்டு நிமிடம், தொட்டிக்கு 80 விநாடி, கடைசிக்கு 40. மொத்தம் 4 நிமிடம் 40 விநாடி. மீதி இருபது, மைக் சரிசெய்யவும் சிரிப்பு அடங்கவும் போய்விடும். எல்லா ஸ்லைடுக்கும் சமமாக நேரம் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

அப்புறம் ஒரு சோதனை. விஷயம் தெரியாத ஒருவருக்கு ஒவ்வொரு ஸ்லைடையும் மூன்று விநாடி காட்டி மூடிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அந்த விவசாயியின் மனைவி தொட்டிப் படத்தில் பின்னால் நின்ற மாட்டைத்தான் சொன்னார். மாட்டை வெட்டி எடுத்தோம்.

புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். பென்டிரைவில் பிடிஎஃப் ஒன்றும் இருக்கட்டும், அங்குள்ள கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டாலும் அந்த "600 அடி" கட்டம் கட்டமாக மாறாது.