மண்டிச் சீட்டில் எழுதாத கழிவு: சின்ன வெங்காயக் கணக்கு ஒன்று

கமிஷன் மண்டியில் தரும் விற்பனைச் சீட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் பார்ப்பது கமிஷன் வரியைத்தான். அது கண்ணுக்குத் தெரிகிற தொகை. நட்டம் அதிகம் ஒளிந்திருப்பது அதற்கு மேலே, எடை எழுதியிருக்கும் இடத்தில்.

20 மூட்டை சின்ன வெங்காயம் போகிறது என்று வையுங்கள். தராசில் மொத்தம் 1,000 கிலோ. சீட்டில் 960 கிலோ, விலை கிலோ 40 ரூபாய், ஆக 38,400 என்று இருக்கும். மூட்டைக்கு 2 கிலோ வீதம் 40 கிலோவைக் கழிவாக எடுத்துவிட்டார்கள். அதற்குத் தனி வரியே இருக்காது. வலைச் சாக்கு ஒன்று 200 கிராம் என்றால் 20 சாக்குக்கு நியாயமான கழிவு 4 கிலோதான். மீதி 36 கிலோ, அதாவது 1,440 ரூபாய், சத்தமில்லாமல் போகிறது.

அதன் பிறகு பிடித்தங்கள்: கமிஷன் 10 சதவீதம் 3,840, இறக்குக்கூலி 200, எடைக்கூலி 100, மகமை 60, வண்டி வாடகை 1,600. கைக்கு வருவது 32,600. வாடகை வண்டிக்காரருக்குப் போவதால் அதை மண்டிச் செலவில் சேர்க்கக் கூடாது. மற்ற நான்கும் 4,200 ஆகிறது. எடையில் போன 1,440ஐயும் கூட்டினால் 5,640. சரக்கின் உண்மையான மதிப்பு, 996 கிலோவுக்கு 39,840. அப்படியானால் மண்டிக்குப் போனது 10 அல்ல, 14 சதவீதத்துக்கு மேல்.

பக்கத்து மண்டியில் விலை 39தான், ஆனால் சாக்கு எடையை மட்டும் கழித்து, அதே 10 சதவீதக் கமிஷனும் 300 ரூபாய் கூலியும் பிடிக்கிறார்கள் என்றால், வாடகைக்கு முன் 34,660 நிற்கும். முதல் மண்டியில் அது 34,200. ஒரு ரூபாய் குறைந்த விலையில் 460 ரூபாய் அதிகம்! அதனால் விலையை மட்டும் கேட்டு மண்டியை முடிவு செய்யாதீர்கள்; ‘மூட்டைக்கு எவ்வளவு கழிவு?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மண்டியில் முன்பணம் வாங்கியவர்கள் இப்படி மண்டி மாறுவது கடினம். கடனுக்கு வட்டி இல்லை என்பார்கள். அது கமிஷனிலும் கழிவிலும் ஏறியிருக்கும்.

மகமை வழக்கத்தில் வந்தது, அரசு விதிக்கும் வரி அல்ல. விளைபொருளை விற்றுக்கொடுக்கும் கமிஷனுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அந்தப் பெயரில் பிடித்திருந்தால் காரணம் கேட்கலாம். அரசின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் கிடையாது, சந்தைக் கட்டணம் 1 சதவீதத்தை வாங்குபவர்தான் கட்டவேண்டும்.

மொத்த எடையை மட்டும் எழுதிய சீட்டில் எதையும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு மூட்டையின் எடையையும் தராசடியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மின்னணுத் தராசில் கடந்த 12 மாதத்துக்குள் இட்ட முத்திரை இல்லையென்றால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம்.