கேமராவில் ஓடுவது ஓடை அல்ல

ஐபி கேமரா கையேடுகளில் ஸ்ட்ரீம் என்பதற்கு 'ஓடை' என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. போன வாரம் சப் ஸ்ட்ரீம் என்பதற்குக் 'கிளை ஓடை' என்றே ஒன்றைப் படித்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

ஆங்கிலச் சொல்லுக்கு ஓடுநீர் என்ற பொருள்தான் முதலில். அது சரி. ஆனால் தமிழில் ஓடை என்றால் நீர் ஓடுகிற இடம். நீர் வற்றினாலும் அது ஓடைதான். கேமராவிலிருந்து வருவதோ ஓட்டம் மட்டுமே. பிளேயர் கேட்காதவரை எதுவும் புறப்படாது. DESCRIBE என்று கேட்டால், என்ன தருவேன் என்று கேமரா விவரம் சொல்லும். SETUP-இல் வழி பேசிக்கொள்வார்கள். PLAY என்றதும்தான் படம் வரத் தொடங்கும், TEARDOWN என்றால் நின்றுவிடும். இந்தப் பேச்சுதான் ஆர்டிஎஸ்பி; 1998-இல் வந்த நெறிமுறை. படத்தைச் சுமப்பது ஆர்டிபி என்ற வேறொன்று.

கிளை ஓடைக்கு வருகிறேன். பெரிய ஓடையிலிருந்து பிரிவது கிளை; அதில் ஓடுவதும் அதே நீர்தான். இதை அப்படியே நம்பி நண்பர் ஒருவர் பதிவு சர்வரில் 'கிளை ஓடை' முகவரியைக் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது. நான் இதை ஓட்டச் சொன்னேன்:

```
ffprobe -rtsp_transport tcp "rtsp://user:pass@192.168.1.64:554/stream2"
```

வீடியோ வரியில் 640x480 என்று வந்தது. அவருடைய கேமராவில் `stream1` என்று மாற்றியதும் 2560x1440. இரண்டும் கிளையும் தாயும் அல்ல. ஒரே காட்சியைக் கேமரா இரண்டு முறை தனித்தனியாகச் சுருக்கி அனுப்புகிறது. சின்னது, பல கேமராக்களை ஒரே திரையில் பார்க்க; பதிவுக்குப் பெரியதுதான் வேண்டும். (முகவரியின் கடைசிப் பகுதி கேமராவுக்குக் கேமரா மாறும். கடவுச்சொல்லில் @ இருந்தால் %40 என்று எழுத வேண்டும்.)

சரி, என்னதான் சொல்வது? ஓட்டம். மின்னோட்டம், இரத்த ஓட்டம் என்று ஏற்கெனவே சொல்கிறோமே. முதன்மை ஓட்டம், சிற்றோட்டம் என்றால் போதும். 'தாரை' என்று சொல்வாரும் உண்டு. கண்ணீருக்கு அது பொருந்தும், ஆனால் வடசொல். ஓட்டம் இருக்க அது எதற்கு? கிரிக்கெட்டில் ரன்னுக்கு ஓட்டம் என்கிறார்களே என்று ஒருவர் கேட்டார். கேமரா அமைப்பில் 'சிற்றோட்டம்: இயக்கு' என்று பார்த்து யாரும் மட்டையை எடுக்கப் போவதில்லை.

'நேரலை' என்று எழுதுவோரிடமும் ஒரு வார்த்தை: ரெக்கார்டரில் கிடக்கும் நேற்றைய பதிவையும் ஆர்டிஎஸ்பி வழியே இழுத்துப் பார்க்கலாம். அதை என்னவென்று அழைப்பீர்கள், நேற்றைய நேரலை என்றா?