ஸ்ட்ரிப் லைட்டுக்கு எத்தனை ஆம்பியர் சப்ளை? பயந்துபோய்ச் சின்னதாக வாங்காதீர்கள்

ஃபால்ஸ் சீலிங் ஓரமெல்லாம் ஒட்டிய ஸ்ட்ரிப் லைட், கிரகப்பிரவேசத்தன்று பளிச்சென்று எரிகிறது. சில மாதங்களில் விட்டு விட்டு எரிய ஆரம்பிக்கிறது. "ஸ்ட்ரிப் மட்டமான சரக்கு, மாத்திடலாம்" என்கிறார்கள். புது ஸ்ட்ரிப் ஒட்டினாலும் அதே தொல்லை. வீட்டுக் கரண்ட்டை ஸ்ட்ரிப்புக்கு வேண்டிய 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டிதான் சப்ளை; சீலிங்குக்குள் கிடக்கும் அதை எடுத்து லேபிளைப் படித்தால் பெரும்பாலும் விஷயம் விளங்கிவிடும்: ஸ்ட்ரிப் இழுக்கும் லோடு 170 வாட்டுக்கு மேல், சப்ளை 120 வாட். இந்தக் கணக்கைக் கடையிலேயே இரண்டு நிமிடத்தில் போட்டிருக்கலாம். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் சின்ன சப்ளையாக வாங்குகிறார்கள்? காசு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், "ஆம்ஸ் கூடினா ஸ்ட்ரிப் எரிஞ்சுடும்" என்ற பயம். தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். சப்ளையில் 12 வோல்ட் 20 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது 20 ஆம்பியரை ஸ்ட்ரிப்புக்குள் தள்ளும் என்று அர்த்தமில்லை. கேட்டால் 20 ஆம்பியர் வரை தர முடியும் என்று அர்த்தம். எவ்வளவு இழுப்பது என்பது ஸ்ட்ரிப்பின் கையில் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு மூன்று எல்.ஈ.டி.க்கும் ஒரு ரெசிஸ்டர் உண்டு. 12 வோல்ட் கிடைத்தால் அந்த ரெசிஸ்டர் அனுமதிக்கும் கரண்ட்தான் ஓடும். உங்கள் வீட்டுப் பெரிய பவர் பிளக் பாயிண்டில் 16 ஆம்பியர் வரை எடுக்கலாம். அதில் செல்போன் சார்ஜரைச் செருகினால் சார்ஜர் எரிந்தா போகிறது? வோல்ட் மட்டும் அச்சாகப் பொருந்த வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு 24 வோல்ட் கொடுத்தால் நிச்சயம் எரியும். ஆம்பியர் தேவைக்கு மேல் இருப்பதால் எந்த ஸ்ட்ரிப்பும் எரியாது.

இது வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் சப்ளைக்குத்தான் பொருந்தும். பேனல் லைட்டோடு வரும் டிரைவர் வேறு ஜாதி. அது கரண்ட்டை நிலையாக வைத்து வோல்ட்டை ஏற்றி இறக்கும். லேபிளில் "300 mA" என்றும் பக்கத்தில் "30-60V" என்பதுபோல ஒரு வீச்சும் போட்டிருந்தால் அதை ஸ்ட்ரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது கணக்கு. 14க்கு 12 அடி ஹால். சுவரிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி சீலிங் பள்ளம் ஓடுகிறது என்றால், ஸ்ட்ரிப் ஓடும் சுற்றளவு 11+9+11+9, ஆக 40 அடி, ஏறத்தாழ 12.2 மீட்டர். ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 எல்.ஈ.டி. கொண்ட 5050 ரகம், மீட்டருக்கு 14.4 வாட். பெருக்கினால் 176 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 14.7 ஆம்பியர். மீட்டருக்கு எத்தனை வாட் என்பது ரகத்துக்கு ரகம் மாறும், 4.8 வாட்டும் உண்டு, 9.6 வாட்டும் உண்டு. ரோல் உறையைப் படிக்காமல் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். கலர் மாறும் ஸ்ட்ரிப் என்றால் மூன்று நிறமும் சேர்ந்து வெள்ளையாக எரியும்போது எவ்வளவோ, அதை வைத்துத்தான் கணக்கு.

176 வாட்டுக்கு 180 வாட் சப்ளை போதுமே என்று நிறுத்திவிடாதீர்கள். லோடு, சப்ளையின் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 176-ஐ 0.8 ஆல் வகுத்தால் 220 வாட். கடையில் அதற்கு அடுத்துக் கிடைப்பது 12 வோல்ட் 20 ஆம்பியர். 240 அல்லது 250 வாட் என்று லேபிளில் இருக்கும். அதை வாங்குங்கள்.

அந்த 20 சதவீதம் வீண் செலவு இல்லை. லேபிளில் உள்ள வாட், சப்ளையைச் சுற்றிக் காற்று ஓட்டம் இருக்கும்போது தரக்கூடியது. மொட்டை மாடிக்குக் கீழே, கத்திரி வெயிலில், மூடிய சீலிங்குக்குள் காற்றே அசையாது. சூடு ஏற ஏற அது தரக்கூடிய வாட் இறங்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும். முதலில் சரியாக எரிந்த லைட் பிறகு மக்கர் செய்வது இதனால்தான். லோடு தாங்காத சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது, மறுபடி முயல்கிறது, மறுபடி அணைகிறது. விட்டு விட்டு எரிவதாக நமக்குத் தெரிவது அதுதான். சப்ளையைத் தெர்மாகோல் மேலோ பஞ்சு இன்சுலேஷன் மேலோ வைக்காதீர்கள். பின்னால் கை நுழையும் இடத்தில் வையுங்கள். உடம்பில் 115/230 என்று சின்ன ஸ்விட்ச் இருந்தால், கரண்ட் கொடுக்கும் முன் அது 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய சப்ளையில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. எங்காவது ஸ்ட்ரிப் ஷார்ட் ஆனால், அதுவும் அரைகுறை ஷார்ட் என்றால், 20 ஆம்பியர் சப்ளைக்கு அது சாதாரண லோடாகவே தெரியும். அணையாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய வயர்தான் உருகும். அதனால் சப்ளையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லைனிலும் ஒரு ஃபியூஸ் போடுங்கள். 5 மீட்டர் ரோல் 6 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 7.5 ஆம்பியர் கார் ஃபியூஸ், ஹோல்டரோடு. சில்லறைக் காசுதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வயரும் முக்கியம். 12.2 மீட்டரையும் ஒன்றோடொன்று தொடர்ந்து இணைக்கக் கூடாது. 5, 5, 2.2 மீட்டர் என்று மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் சப்ளையிலிருந்தே தனி லைன் இழுங்கள். ஸ்ட்ரிப்பில் இருக்கும் செம்புப் பட்டை அவ்வளவு கரண்ட் தாங்காது. சப்ளை 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள்; போக வர 6 மீட்டர். 0.5 சதுர மி.மீ. சிவப்பு கறுப்பு வயரில் 6 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1.3 வோல்ட் போய்விடும். 1.5 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்டுக்கும் குறைவு.

ரோலின் கடைசி மங்கலாகத் தெரிந்தால் சிலர் சப்ளையில் இருக்கும் "V ADJ" திருகைத் திருப்பி 13, 14 வோல்ட்டுக்கு ஏற்றுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கடைசி கொஞ்சம் பிரகாசமாகும், முதல் இரண்டு மீட்டர் சூட்டில் கருகும். மங்கலுக்கு மருந்து, அந்த 5 மீட்டர் ரோலின் மறுமுனைக்கும் அதே ஃபியூஸிலிருந்து ஒரு ஜோடி வயர் கொண்டுபோவதுதான்.

மாட்டி முடித்ததும், சீலிங்கை மூடும் முன், எல்லா லைட்டையும் முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து சப்ளை டெர்மினலில் அளங்கள்: 12-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். லைட் எரியும்போது 11.5-க்குக் கீழே இறங்கினால், சப்ளை லேபிளில் போட்டிருப்பதைத் தரவில்லை. கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். டெர்மினலில் 12 இருந்து, ரோலின் கடைசியில் 10.5 தான் வருகிறது என்றால் சப்ளைமேல் பழியில்லை, வயரைப் பாருங்கள். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் மொத்தக் கரண்ட்டையும் பாருங்கள். வோல்ட் கொஞ்சம் இறங்குவதால் 14.7-க்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். 16-ஐத் தாண்டினால், ரோல் உறையில் போட்டிருந்த வாட் பொய். அளந்த ஆம்பியரை வைத்து மறுபடி கணக்குப் போட்டு, அடுத்த அளவு சப்ளைக்குப் போங்கள்.