திரும்பி வந்த பார்சலும் திரையில் நிற்கும் லாபமும்

இணையக் கடை நடத்தும் ஒருவரின் கிடங்கில், திரும்பி வந்த பார்சல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒட்டிய டேப் பிரியவில்லை. முகவரிச் சீட்டின் மேல் 'பெற மறுத்தார்' என்று கூரியர்காரரின் பேனாக் கிறுக்கல். ஒரு மூலை நசுங்கியிருந்தது. மற்றபடி அது போன நாளில் எப்படியிருந்ததோ அப்படியே இருந்தது. அந்தப் பார்சலின் ஆர்டர் எண்ணைக் கணினியில் தேடியபோது, விளம்பரத் தளத்தின் கணக்கில் அது இன்னும் முழுமையான ஒரு விற்பனையாகவே நின்றது. அதன் விலையும் விளம்பரம் ஈட்டிய வருவாயில் கூட்டப்பட்டிருந்தது.

இதில் தளத்தின் ஏமாற்று எதுவும் இல்லை. வாடிக்கையாளர் ஆர்டர் பொத்தானை அழுத்தியதும் நன்றி சொல்லும் பக்கம் திறக்கிறது. அந்தப் பக்கத்தில் பதித்து வைத்திருக்கும் சிறு நிரல், 'இவ்வளவு மதிப்புக்கு ஒரு விற்பனை' என்று தளத்துக்குச் செய்தி அனுப்புகிறது. தளத்துக்குத் தெரிந்த கதை அத்துடன் முடிகிறது. அதற்குப் பிறகு ஆர்டர் ரத்தானதா, வாசல் வரை போன பார்சலை வாங்க மறுத்தார்களா, வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பினார்களா என்பதை யாரும் சொல்லாவிட்டால் அது எப்படி அறியும்? விளம்பரத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும், டாலருக்கும், தினாருக்கும் எவ்வளவு விற்பனை வந்தது என்று காட்டும் 'ரோஆஸ்' என்ற விகிதம், உண்மையில் பொத்தான் அழுத்தப்பட்ட மதிப்பைத்தான் அளக்கிறது. பொருளைக் கையில் வாங்கிய பிறகு பணம் தரும் முறையில் இந்த இடைவெளி மிகவும் அகன்றது. பொத்தானை அழுத்துபவருக்கு அந்த நொடியில் ஒரு காசும் செலவில்லை.

இது பலருக்கும் தெரியும். அதனால் 'மூன்றில் ஒரு பங்கு எப்படியும் போய்விடும்' என்று ரோஆஸிலிருந்து மொத்தமாக ஒரு பங்கைக் கழித்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். கழிக்காமல் விடுவதை விட இது சில நேரங்களில் மோசம் என்று சொன்னால் நம்புவது கடினம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரே பொருளுக்கு இரண்டு விளம்பரங்கள் ஓடுகின்றன. ஒன்று தள்ளுபடியைப் பெரிதாகக் காட்டி அவசரப்படுத்தும் விளம்பரம். மற்றது பொருளின் அளவையும் தன்மையையும் பொறுமையாகச் சொல்லும் விளக்க விளம்பரம். ஒவ்வொன்றுக்கும் 1,00,000 செலவு. பொருளின் விலை 1,000. தள்ளுபடி விளம்பரம் 400 ஆர்டர்களைக் கொண்டுவருகிறது, ரோஆஸ் 4. விளக்க விளம்பரம் 300 ஆர்டர்களைக் கொண்டுவருகிறது, ரோஆஸ் 3. பொருளின் அடக்க விலை 450, பொதி கட்டி அனுப்பும் செலவு 80 என்று வைத்துக்கொண்டால், ஒரு விற்பனையில் 470 மிஞ்சுகிறது. அப்படியானால் ரோஆஸ் 2.13 என்ற எல்லையைத் தாண்டினால் லாபம். திரையை மட்டும் பார்ப்பவருக்கு முதல் விளம்பரத்தில் 88,000 லாபம், இரண்டாவதில் 41,000 லாபம். எதற்குப் பணத்தைக் கூட்டுவார் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது பார்சல்களின் பின்னால் போவோம். தள்ளுபடி விளம்பரத்தின் 400 ஆர்டர்களில் 40 அனுப்பும் முன்பே ரத்தாகின்றன. புறப்பட்ட 360 பார்சல்களில் 90 வாசலில் மறுக்கப்படுகின்றன. கைக்குச் சேர்ந்த 270 பேரில் 30 பேர் பொருளைத் திருப்பி அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறுகிறார்கள். மிஞ்சுவது 240. விளக்க விளம்பரத்தின் 300 ஆர்டர்களில் ரத்து 10, மறுப்பு 20, திருப்பி அனுப்பியவர்கள் 30. அங்கும் மிஞ்சுவது அதே 240. ஆக, இரண்டு விளம்பரங்களும் ஈட்டிய உண்மையான விற்பனை சமம். திருத்திய ரோஆஸ் இரண்டுக்கும் 2.4.

2.13-ஐத் தாண்டிவிட்டதே என்று இங்கே பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அவர்கள் கழித்தது வருவாயை மட்டும்தான். போய்த் திரும்பிய பார்சல் வருவாயைத் தராமல் போனதோடு செலவையும் வைத்துவிட்டுப் போகிறது. அனுப்பும் முன் ரத்தான ஆர்டரில் போனது விளம்பரப் பணம் மட்டுமே. மறுக்கப்பட்ட பார்சலுக்கோ போகும் கூலி, வரும் கூலி இரண்டும் உண்டு. நசுங்கிய மூலையும் உண்டு. வரும் கூலி 70 என்றும், திரும்பியவற்றில் பத்தில் ஒன்று மறுபடி விற்க முடியாதபடி கெட்டுப்போகிறது என்றும் கொள்வோம்.

தள்ளுபடி விளம்பரத்தின் வரவு 2,40,000. விற்ற 240 பொருள்களின் அடக்கம் 1,08,000. 360 பார்சல்களை அனுப்ப 28,800. திரும்பிய 120-ஐக் கொண்டுவர 8,400. கெட்டுப்போன 12 பொருள்களுக்கு 5,400. விளம்பரம் 1,00,000. எல்லாம் போக 10,600 நஷ்டம். விளக்க விளம்பரத்தில் அதே வரவு, அதே அடக்கம், அதே விளம்பரச் செலவு. ஆனால் அனுப்பியது 290 பார்சல்கள், கூலி 23,200. திரும்பியவை 50, கூலி 3,500. கெட்டுப்போன ஐந்துக்கு 2,250. மிஞ்சுவது 3,050 லாபம். பெரிய லாபம் இல்லைதான். ஆனாலும் திரை காட்டிய வரிசை தலைகீழாகிவிட்டது.

மொத்தமாகக் கழிக்கும் பழக்கத்தை இதே எண்களில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 700 ஆர்டர்களில் 480 நிலைத்தன. அதாவது நூற்றுக்குச் சுமார் 69. அதைக் கொண்டு இரண்டு ரோஆஸையும் குறைத்தால் தள்ளுபடி விளம்பரத்துக்கு 2.74, விளக்க விளம்பரத்துக்கு 2.06. எல்லை 2.13 என்பதால் விளக்க விளம்பரத்தை நிறுத்திவிட்டுத் தள்ளுபடி விளம்பரத்தை வளர்ப்பார்கள். லாபத்தில் ஓடியதை மூடிவிட்டு நஷ்டத்தில் ஓடியதற்குத் தீனி போட்டாகிவிட்டது. எதையும் கழிக்காதவர்கூட இரண்டையும் ஓடவிட்டிருப்பார்.

எனவே ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதற்கே உரிய எல்லைக்கோடு வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. விளம்பரச் செலவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சியதை வந்த ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நிலைத்த ஆர்டர்களால் வகுக்கக் கூடாது. தள்ளுபடி விளம்பரத்தில் அது 89,400-ஐ 400-ஆல் வகுத்தது, அதாவது 223.50. ஆர்டர் மதிப்பான 1,000-ஐ இதனால் வகுத்தால் 4.47. திரையில் தெரியும் ரோஆஸ் இதைத் தாண்டினால்தான் இந்த விளம்பரம் பிழைக்கும், இருப்பதோ 4. விளக்க விளம்பரத்துக்கு அதே கணக்கில் 343.50 வருகிறது; எல்லை 2.91. அதன் 3 மயிரிழையில் தப்புகிறது. இப்படி வைத்துக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. அன்றாடம் திரையில் பார்க்கும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் எழுதி வைக்கும் எல்லைக்கோடு மட்டும் மாறும்.

இந்தக் கணக்குக்கு ஒவ்வொரு ஆர்டரும் எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். விளம்பர இணைப்பில் `utm_campaign` என்ற குறியைச் சேர்த்து, ஆர்டர் பதிவாகும்போது அதையும் `order_id`-உடன் சேமித்துவிட்டால், கூரியர் நிறுவனம் தரும் இறுதி நிலைப் பட்டியலோடு பொருத்திக்கொள்ளலாம். இந்த வழியில் வரும் எண்ணிக்கை விளம்பரத் தளம் சொல்லும் எண்ணிக்கையோடு அப்படியே பொருந்தாது. தளம் தன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வேறு வழியாக வந்தவரையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வதுண்டு. ஆர்டர்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இருந்தாலும் பரவாயில்லை. நிலைத்த பங்கை உங்கள் பட்டியலிலிருந்தே எடுங்கள்.

சிக்கல் தொடங்குவது காலத்தில்தான். பார்சல் திரும்பி வர வாரங்கள் ஆகலாம். இந்த வாரம் திரும்பியவற்றை இந்த வாரம் வந்த ஆர்டர்களால் வகுப்பது மிகவும் பரவலான பிழை. சென்ற வாரம் 100 ஆர்டர்கள் வந்து, அவற்றில் 30 இந்த வாரம் திரும்புகின்றன. இந்த வாரம் ஆர்டர்கள் 200 ஆகிவிட்டன. முப்பதை இருநூறால் வகுத்து 15 சதவீதம்தான் திரும்புகிறது என்று மகிழ்வார்கள். விற்பனை வளரும் வரை இந்த மயக்கம் நீடிக்கும். விளம்பரத்தைக் குறைத்த அடுத்த வாரம் அதே விகிதம் திடீரென எகிறி, கூரியர் மேல் பழி விழும். திரும்பிய பார்சலை அது ஆர்டரான நாளின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதினாலும் இன்னொரு பொறி இருக்கிறது. நான் பார்த்தவரை அனுபவசாலிகளும் இதில் விழுகிறார்கள். பத்து நாளுக்கு முன் வந்த ஆர்டர்களில் முடிவு தெரிந்தவற்றை மட்டும் எடுத்து, 'எண்பத்தைந்து சதவீதம் சேர்ந்துவிட்டது' என்பார்கள். நல்ல சேதி எப்போதும் முதலில் வந்துவிடும். வாங்கிக்கொண்டவரின் கணக்கு அன்றே முடிகிறது. மறுப்பவரோ முதல் நாள் வீட்டில் இல்லை, மறுநாள் தொலைபேசியை எடுக்கவில்லை, மூன்றாவது முயற்சியும் தோற்ற பிறகுதான் பார்சல் திரும்பப் புறப்படுகிறது. ஆகவே நிலுவையில் கிடப்பவற்றில் மறுப்புகளின் பங்கு அதிகம். பழைய மாத ஆர்டர்களை எடுத்து, பத்தாம் நாளில் அவற்றின் நிலை எப்படி இருந்தது, கடைசியில் எப்படி முடிந்தது என்று ஒப்பிட்டால், பத்தாம் நாள் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். பணம் திரும்பக் கேட்கும் கெடு முடியும் வரை அந்த ஆர்டர்களின் கணக்கை மூடவும் கூடாது.

திருத்திய எண்ணை நம்மோடு வைத்துக்கொள்வதா, தளத்துக்கும் சொல்வதா? சொல்லாவிட்டால், விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் தளத்தின் ஏல இயந்திரம் பொத்தானை எளிதாக அழுத்துபவர்களையே மேலும் மேலும் தேடிப் பிடிக்கும்; மறுப்பவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். கூகுள் ஆட்ஸில் பதிவான விற்பனையை ஆர்டர் எண்ணைக் கொண்டு முழுதாக நீக்கவும் முடியும், மதிப்பைக் குறைக்கவும் முடியும். ஆனால் அதற்கு ஒரு கெடு இருப்பதால், தாமதமாகத் திரும்பும் பார்சல்கள் தவறிவிடலாம். இத்தகைய வசதி இல்லாத இடத்தில், கையில் வாங்கியதும் பணம் தரும் ஆர்டருக்கு முழு மதிப்பை அனுப்பாமல், அந்த முறையில் வழக்கமாக நிலைக்கும் பங்கை மட்டும் மதிப்பாக அனுப்பலாம். அப்படிச் செய்த நாளிலிருந்து திரையின் ரோஆஸ் சரியும். பழைய எல்லைக்கோட்டை அதனுடன் ஒப்பிட்டால் ஒரே நஷ்டத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும். கோட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

சின்ன விளம்பரங்களிடம் மட்டும் கொஞ்சம் பொறுமை தேவை. இருபது ஆர்டர்களில் ஒன்பது திரும்பினால் 45 சதவீதம் என்று பயந்து நிறுத்திவிடத் தோன்றும். கடையின் பொதுவான விகிதம் 20 சதவீதம் என்றால், அந்த விகிதத்தில் நடந்துகொண்ட ஐம்பது கற்பனை ஆர்டர்களை அதனுடன் சேர்த்துப் பாருங்கள். எழுபதில் பத்தொன்பது, அதாவது 27 சதவீதம். கவலைப்பட வேண்டிய எண்தான், மூடிவிட வேண்டிய எண் இன்னும் இல்லை. அடுத்த நூறு ஆர்டர்கள் வரும்போது கற்பனை ஐம்பதின் கனம் தானாகவே குறைந்துவிடும்.